பாலாற்றுத் தண்ணீரும் ஹியூமின் கேள்வியும்

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் ஒரு கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்தால், சில நாளில் ஒரு தாள் கையில் வரும். இடது பக்கம் சோதித்த பொருள்களின் பெயர்கள் இருக்கும். அதை அடுத்து நம் தண்ணீரில் இருந்த அளவு. அதற்கும் அடுத்து, குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயத்தில் உள்ள இரண்டு வரம்புகள். பெரும்பாலானவர்கள் நம் அளவு வரம்பைத் தாண்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுவார்கள். நான் அந்தக் கடைசி இரண்டு வரம்புகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

டிடிஎஸ் என்ற வரியை எடுத்துக்கொள்வோம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு அது. ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று ஒரு வரம்பு சொல்கிறது. அதற்கு அடுத்த வரம்பு 2000 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்கிறது, ஆனால் வேறு நீராதாரம் இல்லாவிட்டால் மட்டும். நம் கிணற்றில் 1900 இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா? தெருவில் நல்ல குழாய்த் தண்ணீர் வந்தால் கூடாது, வராவிட்டால் பரவாயில்லை என்பதுதான் தாள் தரும் பதில். தெருவில் குழாய் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து யாருடைய சிறுநீரகமும் மாறுவதில்லை. உப்பும் அதேதான், உடம்பும் அதேதான். அப்படியென்றால் 500 என்ற எண்ணுக்கும் 2000 என்ற எண்ணுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் சோதனைக் குழாயிலிருந்து வந்ததல்ல. தண்ணீரே இல்லாமல் தவிப்பதைவிட உப்புத் தண்ணீர் மேல் என்று யாரோ யோசித்து எடுத்த முடிவு அது. நியாயமான முடிவுதான், அதில் எனக்குக் குறை இல்லை. அதே தாளில் குரோமியம் என்ற வரியில் 0.05 மில்லிகிராம் என்று போட்டு, இதற்குத் தளர்வு கிடையாது என்று எழுதியிருக்கும். அதுவும் முடிவுதான். வேறு தண்ணீர் இல்லை என்பதற்காக இந்த ஆபத்தை மக்கள் தலையில் கட்டக் கூடாது என்ற முடிவு.

உண்மையைச் சொல்லும் எண்களுக்கு நடுவில், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் எண்கள் அதே எழுத்தில், அதே கட்டத்தில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. டேவிட் ஹியூம் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் சுட்டிக்காட்டியது இந்த மாதிரி இடத்தைத்தான். மனித இயல்பைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலின் மூன்றாம் பகுதி 1740-ல் வெளிவந்தது. அதில் ஒரே ஒரு பத்தியில் அவர் சொல்வது இதுதான்: அறத்தைப் பற்றி எழுதுபவர்கள் முதலில் கடவுள் இருக்கிறார், மனிதர்கள் இப்படி இருக்கிறார்கள் என்று நிலவரம் பேசிக்கொண்டே வருகிறார்கள். அப்புறம் எங்கேயோ ஓரிடத்தில், நமக்குத் தெரியாமலே, ‘இதைச் செய்ய வேண்டும், அதைச் செய்யக் கூடாது’ என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். முதல் வகை வாக்கியத்திலிருந்து இரண்டாம் வகை எப்படி வந்தது என்று காரணம் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது.

இதை வைத்து ‘அறம் என்று ஒன்றுமே கிடையாது, எல்லாம் அவரவர் இஷ்டம்’ என்று ஹியூம் சொன்னதாகப் பலர் எழுதுகிறார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. நிலவரத்தை எவ்வளவு அடுக்கினாலும், நடுவில் ‘வேண்டும்’ என்ற வகை வாக்கியம் ஒன்றாவது இல்லாமல் முடிவில் ‘வேண்டும்’ வராது என்பதுதான் அவர் காட்டிய இடைவெளி. அந்த நடு வாக்கியத்தைத் தேடி எடுத்து வெளியே வைத்துப் பார்க்கச் சொல்கிறார்.

இது வெறும் தர்க்கப் பயிற்சி இல்லை என்பதற்கு எங்கள் பழைய வடாற்காடு மாவட்டத்தின் வழக்கையே பார்க்கலாம். பச்சைத் தோல் கெடாமல் இருக்க அதில் உப்பைக் கொட்டித்தான் கொண்டுவருவார்கள். தோல் பதனிடும் டேனரியில் முதல் வேலை அந்த உப்பையும் அழுக்கையும் ஊறவைத்துக் கழுவுவது. அப்புறம் சுண்ணாம்பு, அமிலம், அதன் பிறகு குரோமிய உப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் வெளியே வரும். பல ஆண்டுகள் அது வாய்க்காலிலும் வயலிலும் பாலாற்று மணலிலும் போய்ச் சேர்ந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது.

சரி, இந்தக் கணக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ‘ஆகவே டேனரிகள் நஷ்டஈடு தர வேண்டும்’ என்று சொல்லிவிட முடியுமா? நிலம் கெட்டது உண்மை. கெடுத்தது டேனரித் தண்ணீர் என்பதும் உண்மை. ஆனால் எதிர்த்தரப்பும் உண்மைகளைத்தான் அடுக்கியது. தோல் ஏற்றுமதி நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவருகிறது, உண்மை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதில் பிழைக்கின்றன, அதுவும் உண்மை. இரண்டு பக்கமும் தன் உண்மைகள் தானாகவே தீர்ப்பைச் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தது. ஒருவர், ‘பயிர் கருகுது, பாருங்க’ என்பார். மற்றவர், ‘இதை மூடினா இத்தனை பேர் சோத்துக்கு எங்கண்ணே போவாங்க?’ என்பார். இருவர் சொல்வதும் சரியாக இருக்கும்போது, உண்மைகளை இன்னும் குவிப்பதால் சண்டை தீராது. ஒரு தொழிலால் பிழைப்பவர்களின் ஆதாயத்துக்காக வேறு சிலரின் மண்ணையும் தண்ணீரையும் செலவாக்கலாமா என்பதுதான் அவர்கள் நிஜமாகவே வேறுபட்ட இடம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்தத் தீர்ப்பை நான் மதிப்பதற்குக் காரணம், அது அந்த நடு வாக்கியத்தை ஒளிக்காமல் வைத்தது. தோல் தொழில் நாட்டுக்கு மிக முக்கியமானது என்று முதலில் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டுவிட்டு, ஆனாலும் சூழலை அழிக்கவும் மக்கள் நலத்துக்குக் கேடாக நிற்கவும் அதற்கு உரிமை இல்லை என்கிறது. முதல் பாதி நிலவரம், இரண்டாம் பாதி நெறி. அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழ்வு உரிமையை அதற்கு ஆதாரமாக வைத்து, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையையும், முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது.

இதில் முன்னெச்சரிக்கைக் கொள்கை நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானது. ஒரு கழிவு எவ்வளவு ஆழத்துக்கு இறங்கும், எந்தக் கிணற்றுக்கு எப்போது போகும் என்பது பல சமயம் உறுதியாகத் தெரியாது. அறிவியல் ‘இன்னும் தெரியவில்லை’ என்று சொல்லும்போது என்ன செய்வது? நிரூபணம் வரும்வரை தொழில் நடக்கட்டும் என்பது ஒரு வழி. கேடு இல்லை என்று தொழில் நடத்துபவர் காட்டட்டும், அதுவரை நிறுத்து என்பது இன்னொரு வழி. நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவர் மேல் என்று நீதிமன்றம் சொன்னது. இதை எந்த ஆய்வகமும் கண்டுபிடித்துத் தர முடியாது. தவறாகப் போனால் அந்தத் தவறின் சுமை யார் மேல் விழலாம் என்ற கேள்விக்கான பதில் அது. சந்தேகத்தின் பலனை யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்யும் ஒவ்வொரு முறையும் நாம் ஹியூமின் இடைவெளியைத் தாண்டிக்கொண்டிருக்கிறோம், கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும்.

ஆனால் சட்டத்தைக் காட்டினால் விஷயம் முடிந்துவிடுமா? 21-வது பிரிவு இருக்கிறது என்பதும் ஒரு நிலவரம்தானே. அதற்கு நாம் ஏன் கட்டுப்பட வேண்டும் என்று ஒருவர் கேட்டால் திரும்பவும் அதே இடைவெளி. இப்படித் தோண்டிக்கொண்டே போகும்போது பலருக்கும் ஓர் ஆசை வரும். மனிதன் என்ற உயிரின் இயல்பிலேயே போய் முட்டினால், அதற்கு மேல் யாரும் ‘ஏன்’ என்று கேட்க முடியாத அடித்தளம் கிடைக்காதா என்ற ஆசை. அரிஸ்டாட்டில் முதல் இன்றைக்கு வரை பெரிய பெரிய மூளைகள் இந்த வழியில் முயன்றிருக்கின்றன. நான் இதை எளிதில் தள்ளிவிடக் கூடியதாகப் பார்க்கவில்லை.

இந்த வழியின் பலம் எங்கே என்றால், தேவை என்ற விஷயத்தில். 1958-ல் தத்துவ அறிஞர் எலிசபெத் ஆன்ஸ்கம் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத் தெளிவாகச் சொல்கிறார். ஓர் உயிருக்கு இந்தச் சூழல் தேவை என்று நாம் சொல்லும்போது, அதற்கு அது கிடைக்க வேண்டுமென்று நாம் ஆசைப்படுவதாகப் பொருள் இல்லை. அது இல்லாவிட்டால் அந்த உயிர் செழிக்காது என்று பொருள். இது உண்மையா பொய்யா என்று சோதித்துப் பார்க்கக் கூடியது. இன்னொரு தத்துவ அறிஞரான பிலிப்பா ஃபுட் இதை இன்னும் நீட்டி, 2001-ல் வெளியிட்ட நூலில் முழு வாதமாகவே ஆக்கினார். மரத்துக்கு வேர் ஆழமாக ஓடுவது நல்லது என்றால் அது நம் ரசனை சார்ந்த பேச்சல்ல. அந்த வகை மரம் எப்படி வாழ்கிறதோ அதை வைத்துச் சொல்வது. அதே மாதிரி மனிதர்கள் ஒருவரையொருவர் நம்பி, சொன்ன சொல்லைக் காத்துத்தான் வாழ முடியும். ஆகவே சொல் தவறுவது மனிதனிடம் உள்ள ஒரு குறை, கோணிய வேர் மரத்தின் குறையாக இருப்பது போல.

பாலாற்றுக்கு இதைக் கொண்டுவந்தால் வாதம் பெருமளவு நிற்கிறது. ரத்தத்தைச் சுத்தம் செய்யாத சிறுநீரகம் கெட்ட சிறுநீரகம். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை. உப்பேறிய மண்ணில் தென்னை குரும்பை உதிர்த்தால் அந்த மண் கெட்டுப்போன மண். ‘கேடு’ என்று நாம் சொல்வது வெறும் உணர்ச்சிக் கூச்சல் அல்ல, உடம்பின் இயல்பு, செடியின் இயல்பு அதைச் சொல்கிறது. குரோமியம் வரிக்கு எதிரே ‘தளர்வு இல்லை’ என்று எழுதியவர்கள் மனித உடம்பைப் பற்றித் தெரிந்ததை வைத்துத்தான் எழுதினார்கள். இந்த அளவுக்கு, மனித இயல்பைப் பற்றிய உண்மைகள் அறத்துக்கு அடிப்படை தருகின்றன. உண்மைக்கும் மதிப்புக்கும் நடுவில் இரும்புச் சுவர் இருப்பதாகப் பேசுபவர்கள் இதைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

இயல்பு பற்றிய உண்மைகள் இன்னொரு வேலையும் செய்கின்றன. முடியாத ஒன்றைச் செய்யச் சொல்ல முடியாது. கழிவுநீரில் உள்ள அழுகும் பொருள்களைக் காற்றும் நுண்ணுயிரும் விட்டுக் குறைத்துவிடலாம். கரைந்த உப்பு அப்படிப் போகாது. சவ்வு வழியாக வடிகட்டி, மீந்த உப்புநீரைக் காய்ச்சித்தான் பிரிக்க வேண்டும், அதற்கு நிறையச் செலவாகும். அதனால்தான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதித்த டிடிஎஸ் அளவு நியாயமில்லை என்று டேனரிகள் அந்த வழக்கிலேயே வாதிட்டன. நீதிமன்றம் அதை நாக்பூரின் நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தை ஆராயச் சொன்னது, வாரியத்தின் அளவு சரியே என்று அறிக்கை வந்தது. ஒரு சிறு டேனரி தனியாகச் செய்ய முடியாததைப் பல சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைத்தால் செய்யலாம் என்ற உண்மை, ‘எங்களால் முடியாது’ என்ற பேச்சின் எல்லையை மாற்றிவிட்டது. உண்மை மாறும்போது கடமையும் மாறுகிறது.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. கிணற்றுத் தண்ணீர் விவசாயியின் உடம்புக்குக் கேடு என்பதை இயல்பே சொல்லிவிட்டது. ஆனால் அந்த விவசாயியின் கேடு டேனரி முதலாளிக்கு ஏன் ஒரு பொருட்டாக வேண்டும்? அவர் குடிப்பது கேன் தண்ணீர். அவர் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அவரிடம் நம்பிக்கை, சொல் காப்பது, குடும்பப் பாசம் எல்லாம் குறைவில்லாமல் இருக்கின்றன. தன் தொழில் வட்டத்துக்குள், தன் சொந்தங்களுக்குள். ஃபுட் சொன்ன மனிதச் செழிப்பு அவருக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. வேரில் ஒரு கோணலும் இல்லை. ஆற்றோரம் பத்து மைல் தள்ளி இருக்கும் முகம் தெரியாதவரின் வயிறு இவருடைய இயல்பின் எந்தப் பக்கத்தைத் தொடுகிறது?

மனித இயல்பைக் கேட்டால் அது சங்கடமான பதிலைத்தான் தரும். ஹியூமே இதைக் கவனித்திருக்கிறார். நம் பரிவு பக்கத்தில் இருப்பவர்கள் மேல் கனமாகவும், தூரத்தில் இருப்பவர்கள் மேல் லேசாகவும் விழுகிறது. பெற்ற பிள்ளையின் இருமலுக்குத் தூக்கம் போகும், அடுத்த தாலுகாவின் நோய் செய்தியாக மட்டும் கேட்கும். இதுதான் நம் இயல்பு. ஆகவே, அறம் பேசும்போது நாம் நின்ற இடத்தைவிட்டு விலகி, யாருக்கும் பொதுவான ஓர் இடத்திலிருந்து பார்த்து அந்தச் சாய்வைத் திருத்திக்கொள்கிறோம் என்கிறார். பரிவு எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கமாக இது அருமையானது. ஆனால் அந்தத் திருத்தத்தை ஏன் செய்ய வேண்டும் என்று ஒருவர் கேட்டால், செய்யாமல் இருப்பதும் இயல்பாகத்தான் இருக்கிறது. உறவுக்காரனுக்கு முதலில், ஊரானுக்கு அப்புறம் என்பதும் மனித இயல்பு. பழிவாங்குவதும் இயல்பு. இயல்புக்குள் எதை எடுப்பது, எதைத் திருத்துவது என்று பொறுக்கும் கை இயல்புக்கு வெளியிலிருந்து வருகிறது.

பழகிப்போவதும் இயல்பில் ஒன்றுதான். டேனரிக்குள் முதல் நாள் போகிறவருக்கு அந்த வாடை குமட்டும். சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டுகிறவரைக் கேட்டால், வாடையா, அதெல்லாம் தெரியாது என்பார். பொய் சொல்லவில்லை, மூக்கு பழகிவிடும். உடனே ஒருவர், ‘அவங்களுக்கே கஷ்டமா இல்லையே, உனக்கென்ன?’ என்று கேட்பார். பழகிய மூக்கு ஒரு நிலவரம். அந்த வேலைக்குக் கையுறையும் காலணியும் கொடுக்காமல் விடலாம் என்பது அதிலிருந்து வராது. இதில் இன்னும் பழைய, இன்னும் கொடிய ஒன்று ஒளிந்திருக்கிறது. செத்த மாட்டின் தோலைத் தொடுவது சிலருக்குப் பிறப்பிலேயே வாய்த்த வேலை, அவர்கள் இயல்பே அது என்று இந்த மண்ணில் எத்தனையோ தலைமுறை சொல்லிவந்தார்கள். மனித இயல்பிலிருந்து அறத்தை எடுக்கும் முயற்சிக்கு நம் ஊரில் கிடைத்த மிகப் பெரிய உதாரணம் சாதிதான். இடைவெளி ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு நான் வேறு எதையும் காட்டத் தேவையில்லை.

அந்தத் தீர்ப்பில் எங்கள் மாவட்டத்தின் பெயர் வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றுதான் இருக்கும். அன்றைக்குப் பெயர் அதுதான். அம்பேத்கர் 1936-ல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, பேசக் கிடைக்காமல் அச்சில் வெளியிட்ட உரையில் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எடுக்கிறார். அவர் போன வழி என்னை எப்போதும் வியக்க வைக்கும். சமத்துவத்துக்காக வாதாடும் பலர், மனிதர்கள் எல்லோரும் உண்மையில் சமம்தான் என்று நிரூபிக்கப் பார்ப்பார்கள். அம்பேத்கர் அதைச் செய்யவில்லை. உடல் வழியாக வந்தது, சமூக வழியாகக் கிடைத்தது, சொந்த முயற்சி என்ற மூன்றிலும் மனிதர்கள் ஏற்றத்தாழ்வோடுதான் இருக்கிறார்கள் என்று ஒத்துக்கொள்கிறார். ஒத்துக்கொண்டு, அவர்கள் சமமில்லை என்பதால் அவர்களைச் சமமில்லாமல் நடத்தலாமா என்று கேட்கிறார். சமத்துவத்தை எதிர்ப்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது என்கிறார். சமத்துவம் ஒரு கற்பனையாகவே இருந்தாலும் அதை ஆளும் கொள்கையாக ஏற்றாக வேண்டும் என்பது அவர் நிலை.

அந்த ஒத்துக்கொள்ளலில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று பாருங்கள். சமத்துவத்தை உடற்கூறு உண்மையின் மேல் கட்டியிருந்தால், நாளைக்கு ஒரு ஆய்வு வேறு மாதிரி சொன்னால் கட்டடம் ஆடும். அவர் அதை உண்மைக்குப் பணயம் வைக்கவில்லை. யாருடைய கேடு கணக்கில் வரும் என்பது இயல்பு சொல்ல வேண்டிய பதில் அல்ல, நாம் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டிய பதில்.

என் முடிவும் இந்தப் பக்கம்தான். எது கேடு, எது செழிப்பு, எது முடியும், எது முடியாது என்பதையெல்லாம் மனித இயல்பு பற்றிய உண்மைகள் பெருமளவு தீர்மானிக்கின்றன. அவை இல்லாமல் அறம் காற்றில் நிற்கும். ஆனால் யாருடைய கேடும் மற்றவரை நிறுத்தக் கூடிய காரணம் என்ற அந்த ஒரு வாக்கியத்தை அவை தருவதில்லை. ஒரு நல்ல எதிர்வாதம் உண்டு. டேனரி முதலாளியும் தன் வயிற்றுக்கு நோவு வந்தால் அதை மற்றவர்கள் கவனிக்க வேண்டிய காரணமாகத்தான் பேசுவார். தன் நோவு காரணம், பிறர் நோவு காரணமில்லை என்றால் அவர் முரண்படுகிறார் அல்லவா? இந்த வாதம் அவரை நெருக்குகிறது, நானும் அவரிடம் இதையே சொல்வேன். ஆனால் கவனித்தால், அது இயல்பிலிருந்து எடுத்ததல்ல. அவர் ஏற்கெனவே வாய்விட்டுக் கேட்ட ஒரு ‘வேண்டும்’ என்பதைப் பிடித்து எல்லோருக்கும் நீட்டியது. தொடக்கத்திலேயே ஒரு நெறி வாக்கியம் இருந்தது, அதனால்தான் முடிவிலும் வந்தது. எதையும் யாரிடமும் கேட்காமல், கைப்பலத்தை மட்டும் நம்புகிற ஒருவரை இந்த வாதம் தொடாது. அவரைத் தடுக்க நீதிமன்றமும் ஆட்சியரும் பூட்டும்தான் வேண்டும்.

1996 தீர்ப்பு ஓர் ஆணையத்தை அமைக்கச் சொல்லி, நஷ்டஈட்டை இரண்டு தலைப்பில் கணக்கிடச் சொன்னது. பாதிக்கப்பட்ட ஆட்களுக்குக் கொடுக்க வேண்டியது ஒன்று. கெட்ட சூழலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு மற்றொன்று. முதல் தலைப்புக்கு மனிதத் தேவையைப் பற்றி இதுவரை பேசியது பொருந்தும். விளைச்சல் எவ்வளவு போனது, கிணறு எவ்வளவு கெட்டது என்று அளந்து, இந்தக் கேடு கணக்கில் வரும் என்று சொல்லிப் பணமாக்கலாம். இரண்டாவது தலைப்பில் அந்த வழி பாதியில் நின்றுவிடுகிறது. ஆற்றங்கரையில் ஒருவர்கூட அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை, ஒரு ஏக்கர்கூட அதை நம்பி இல்லை என்று வைத்துக்கொண்டாலும், பாலாற்று மணலில் உப்பும் குரோமியமும் ஏறவிட்டது தவறுதான் என்று நம்மில் பலர் சொல்வோம். நானும் சொல்வேன். அந்தத் தவறை மனித இயல்பிலிருந்து எடுக்க வழியில்லை, அங்கே அடிபட்ட மனிதர் யாரும் இல்லை. ஆற்றின் கேடும் கணக்கில் வரும் என்ற வாக்கியத்தை அதைச் சொல்கிறவர்கள்தான் காரணங்களோடு எழுதி முன்வைக்க வேண்டும். இரண்டாம் தலைப்பின் கீழ் ரூபாய்க் கணக்குப் போடுகிற ஒவ்வொருவரும் அதை ஏற்கெனவே ஒத்துக்கொண்டுதான் போடுகிறார்கள்.